ஒரே குளியலறை உள்ள வீட்டில் காய்ச்சல்காரரைத் தனியே வைப்பது எப்படி?



மழை பிடித்துக்கொண்டால் நம் அலுவலகத் தொலைபேசி காய்ச்சல் செய்தியாகவே ஒலிக்கத் தொடங்கிவிடுகிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "தனியா இருக்கச் சொல்லி டாக்டர் சொல்லிட்டாரு பாய். இருக்கிறது ஒரு ரூம், ஒரு ஹால், ஒரு பாத்ரூம். எங்கே போய்த் தனியா இருக்கிறது?" கேள்வி நியாயமானதுதான். ஆளுக்கொரு அறையும் அறைக்கொரு குளியலறையும் உள்ள வீட்டை மனத்தில் வைத்துச் சொல்லப்படும் அறிவுரை, நானூறு சதுர அடியில் ஐந்து பேர் வாழும் வீட்டுக்குப் பொருந்துவதில்லை. அந்த நானூறு சதுர அடிக்குள் என்ன செய்ய முடியும் என்பதை, ஒரே வீட்டில் இரண்டு முறை நடந்ததை வைத்துச் சொல்கிறோம். அந்தக் குடும்பத்தாரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறோம். பெயர் வேண்டாம் என்றார்கள்.

வடசென்னையில் நான்கு மாடிக் குடியிருப்பில் இரண்டாவது மாடி. நாற்பத்தைந்து வயது மகன், அவர் மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள், பன்னிரண்டு வயதுப் பையன், இவர்களோடு சர்க்கரையும் இளைப்பும் உள்ள எழுபத்து நான்கு வயது உம்மா. கிழக்கே பால்கனியோடு ஹால், மேற்கே சந்தைப் பார்த்த ஜன்னலோடு படுக்கையறை. இரண்டுக்கும் நடுவில் குளியலறை. அதன் கதவு ஹாலில்தான் திறக்கும்.

2022 ஜனவரியில் மகனுக்குக் கோவிட் வந்தது. அவரைப் படுக்கையறையில் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். குளிர் என்று ஜன்னலையும் சாத்தினார்கள். மருமகள் சாப்பாடு கொண்டுபோகும்போது மட்டும் முகக்கவசம் போட்டுக்கொண்டார். வெளியே வந்ததும் கழற்றிவிட்டு, மாமிக்குச் சோறு போட்டு, மருந்து கொடுத்து, இரவில் அவர் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுத்தார். வீட்டிலுள்ளோர் நாள் முழுக்கத் தாழ்ப்பாளையும் குழாயையும் பிளீச்சிங் பவுடர் கரைத்துத் துடைத்தபடி இருந்தார்கள். நான்காம் நாள் மருமகளுக்குத் தொண்டை கரகரத்தது. ஆறாம் நாள் உம்மாவுக்கு மூச்சு வாங்கியது. பதினோரு நாள் மருத்துவமனையில் இருந்து, அல்ஹம்துலில்லாஹ், வீடு திரும்பினார். ஆனால் அதற்குப் பிறகு அவரால் முன்போலப் படியேற முடியவில்லை.

அந்த வீட்டார் சோம்பி இருக்கவில்லை. உழைப்பைத் தவறான இடத்தில் செலவிட்டார்கள், அவ்வளவுதான். கோவிடும் சரி, ஃப்ளூ காய்ச்சலும் சரி, நெருங்கி இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் மூச்சுக் காற்றின் வழியாகவே தொற்றுகின்றன. இருமும்போது மட்டுமல்ல, பேசும்போதும் வெறுமனே மூச்சு விடும்போதும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகள் வெளிவருகின்றன. பெரியவை விழுந்துவிடும். சிறியவை காற்றில் மிதக்கும். வெள்ளிக்கிழமை வீட்டில் சாம்பிராணி போடுகிறோம் அல்லவா? தூபக்காலை ஒரு மூலையில் வைத்தாலும் புகை எல்லா அறைக்கும் போகிறது. ஜன்னல் சாத்திய வீட்டில் மணம் நெடுநேரம் நிற்கிறது, திறந்த வீட்டில் சீக்கிரம் போய்விடுகிறது. நோயாளியின் மூச்சையும் இந்தப் புகையாகவே நினைத்துக்கொண்டால், என்ன செய்ய வேண்டும் என்பதில் பாதி தானே விளங்கிவிடும். தொட்ட இடத்தைத் துடைப்பது தவறல்ல, ஆனால் அதற்குச் சோப்பு நீரும் கை கழுவுதலும் போதும். பிளீச்சிங் பவுடரின் நெடி இளைப்புக்காரருக்கு ஆகாது. அதைக் கழிப்பறை ஆசிட்டோடு கலந்தால் வரும் வாயு எல்லோருக்குமே ஆபத்து.

கடந்த ஐப்பசி மழையில் அதே மகனுக்கு மறுபடி காய்ச்சல். செவ்வாய் இரவு உடம்பு வலியோடு தொடங்கி, காலையில் 102 டிகிரி. கோவிட் பரிசோதனையில் இல்லை என்று வந்தது, மருத்துவர் ஃப்ளூ என்றார். இந்த முறை காலையிலேயே எங்களுக்குத் தொலைபேசி வந்தது. அன்று அந்த வீட்டில் செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறோம்.

முதலில் காற்று. படுக்கையறை ஜன்னலைத் திறந்து, ஒரு டேபிள் ஃபேனை வெளியே பார்த்தபடி, ஜன்னலிலிருந்து ஓரிரு அடி தள்ளி வைத்தார்கள். ஃபேன் நோயாளியைப் பார்த்து அல்ல, சந்தைப் பார்த்து ஓடவேண்டும். அறைக்குள் இருக்கும் காற்றை அது வெளியே தள்ளும். அந்த இடத்தை நிரப்ப ஹாலின் காற்று கதவின் கீழ் இடுக்கு வழியாக அறைக்குள் வரும். ஆகவே நோயாளியின் மூச்சு ஹாலுக்கு வருவது குறையும். இதற்கு ஹாலின் பால்கனிக் கதவும் கொஞ்சம் திறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே வரக் காற்று இருக்காது. மழைச்சாரல் அடித்தால் நான்கு விரல் அளவு திறந்தாலும் போதும். சீலிங் ஃபேன் இந்த வேலையைச் செய்யாது, இருக்கும் காற்றையே சுழற்றும். ஸ்பிளிட் ஏசியும் அப்படித்தான்: அறையின் காற்றையே குளிரவைத்து அறைக்கே திருப்பித் தருகிறது.

காற்று உண்மையில் எந்தப் பக்கம் போகிறது என்பதைப் பார்க்க ஓர் ஊதுபத்தி போதும். ஹாலில் நின்றபடி, சாத்திய கதவின் கீழ் இடுக்கருகே பற்றவைத்த ஊதுபத்தியைச் சில நொடிகள் பிடியுங்கள். புகை அறைக்குள் இழுக்கப்பட்டால் ஏற்பாடு சரி. புகை உங்கள் முகத்துக்குத் திரும்பி வந்தால், நோயாளியின் காற்றும் அப்படித்தான் வந்துகொண்டிருக்கிறது. பார்த்ததும் பத்தியை அணைத்துவிடுங்கள், இருமுகிறவருக்குப் புகை கூடாது.

அந்த வீட்டில் முதலில் பார்த்தபோது புகை வெளியேதான் வந்தது. ஃபேன் ஓடுகிறது, ஜன்னல் திறந்திருக்கிறது, பிறகு ஏன்? மகள்தான் கண்டுபிடித்தாள். சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அது டேபிள் ஃபேனைவிட வலுவாக இழுத்து, படுக்கையறைக் காற்றை ஹால் வழியாகத் தன் பக்கம் கொண்டுபோனது. அதை நிறுத்தியதும் புகை உள்ளே திரும்பியது. பிறகு தாளிக்கும் நேரத்தில் மட்டும் அதைப் போட்டு, அந்த நேரம் கதவிடுக்கில் ஒரு பழைய துண்டைச் சுருட்டி வைத்தார்கள்.

வீடு எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்பதும் முக்கியம். சென்னையில் வெயில் காலத்தில் பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து வரும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும். இந்த வீட்டில் காற்று பால்கனி வழியாக நுழைந்து படுக்கையறை வழியாக வெளியேறுவதால் நோயாளி இருந்த இடம் பொருத்தமாக அமைந்துவிட்டது. படுக்கையறை கிழக்கே பார்த்திருந்தால் வெளிக்காற்றே நோயாளியின் மூச்சை ஹாலுக்குத் தள்ளிவிடும். அப்போது ஜன்னலை ஃபேன் அளவுக்கு மட்டும் திறந்து, மீதியை அட்டையால் மறைத்து மறுபடி ஊதுபத்தி வைத்துப் பாருங்கள். அப்போதும் புகை வெளியே வந்தால் இடத்தை மாற்றுவதுதான் வழி: நோயாளி ஹாலுக்கு, மற்றவர்கள் அறைக்கு. பெரியவர்களுக்கு எப்போதும் காற்று நுழையும் பக்கமே இடம் கொடுக்க வேண்டும். உம்மாவின் கட்டிலைக் குளியலறைக் கதவருகே இருந்து பால்கனிப் பக்கம் நகர்த்தினார்கள். போர்வை ஒன்று கூடுதலாகத் தேவைப்பட்டது.

அடுத்தது குளியலறை. எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான், ஆனால் பயப்படும் காரணம் வேறாக இருக்கிறது. குழாயைத் தொட்டதால் வருவதைவிட, ஒருவர் சாத்திய சிறு அறையில் பத்து நிமிடம் இருமி, கனைத்து, வாய் கொப்புளித்துவிட்டுப் போனபின், அடுத்தவர் உடனே உள்ளே நுழைந்து அதே காற்றைச் சுவாசிப்பதுதான் பெரிய ஆபத்து. ஆகவே இங்கே செய்ய வேண்டியவை இரண்டே: நோயாளி அங்கே இருக்கும் நேரத்தையும் தடவையையும் குறைப்பது, அவருக்குப் பின் இடைவெளி விடுவது.

பல் துலக்குவதும் ஒளூ செய்வதும் முகக்கவசத்தைக் கழற்றாமல் முடியாத காரியங்கள். ஒளூவில் வாய் கொப்புளிக்கிறோம், மூக்கில் நீர் செலுத்திச் சிந்துகிறோம். நோயாளி ஒரு நாளைக்கு ஐந்து முறை இதைப் பொதுக் குளியலறையில் செய்தால் மற்ற ஏற்பாடெல்லாம் வீண். மகனுக்கு அறைக்குள்ளேயே ஒரு வாளித் தண்ணீர், ஒரு குவளை, ஓர் அகலமான பிளாஸ்டிக் பேசின் வைத்தார்கள். ஜன்னல் பக்கம் அமர்ந்து அங்கேயே பல் துலக்கி, அங்கேயே ஒளூ செய்து, அங்கேயே தொழுதார். தண்ணீர் பட்டால் நோய் கூடும் என்ற நிலையிலுள்ளவருக்குத் தயம்முமுக்கு மார்க்கத்தில் இடமிருக்கிறது என்பது நீங்கள் அறிந்ததே. இரவில் சிறுநீருக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் யூரின் பாட்டிலை வாங்கிக்கொண்டார். முதலில் கூச்சப்பட்டார். ஆனால் சர்க்கரை உள்ள உம்மா இரவில் மூன்று முறை எழுகிறவர். இரவு முழுதும் குளியலறையை அவருக்கென்று விட இதைவிட எளிய வழி இருக்கவில்லை.

பகலில் முறை இப்படி இருந்தது. காலையில் உம்மா முதலில், பிறகு பிள்ளைகள், பிறகு மருமகள், கடைசியாக மகன். அவர் முகக்கவசத்தோடு போவார், உள்ளேயும் கழற்ற மாட்டார். வென்டிலேட்டரிலுள்ள எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுக்கொள்வார். வெளியே வந்ததும் ஃபேனை நிறுத்தாமல் கதவைச் சாத்தி, பேசினிலிருந்த பழைய நீரைக் கொட்டிவிட்டு வந்ததை ஹாலில் உள்ளவர்களுக்குக் குரல் கொடுத்துச் சொல்வார். அதற்குப் பின் அரை மணி நேரம் யாரும் போவதில்லை. எக்ஸாஸ்ட் இல்லாத குளியலறையில் கண்ணாடிப் பட்டைகளைத் திறந்துவைத்து இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் காத்திருக்கலாம். அவசரமென்றால் என்-95 போட்டுக்கொண்டு போய்ச் சீக்கிரம் திரும்பலாம். குளியலைப் பொறுத்தவரை, காய்ச்சல் நாட்களில் ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துக்கொண்டால் போதும். ஆவி பிடிக்க விரும்பினாலும் அறைக்குள்ளேதான், கொதிநீர் கவிழாத இடத்தில்.

குளியலறைத் தரை வடிகால் பற்றி ஒரு செய்தி. 2003இல் ஹாங்காங்கில் அமோய் கார்டன்ஸ் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் முந்நூறுக்கும் மேற்பட்டோருக்கு சார்ஸ் நோய் தொற்றியது. ஆராய்ந்தபோது, பல வீடுகளில் தரை வடிகாலின் வளைவில் நிற்க வேண்டிய நீர் வறண்டிருந்ததும், எக்ஸாஸ்ட் ஃபேன் அந்தக் குழாய் வழியே கழிவுநீர்க் குழாயின் காற்றைக் குளியலறைக்குள் இழுத்திருக்கக்கூடும் என்பதும் தெரியவந்தன. நாம் தினமும் தண்ணீர் ஊற்றும் குளியலறையில் அது வறளாது. ஆனால் பால்கனி மூலையில், பயன்படாத வாஷிங் மெஷின் இடத்தில் உள்ள வடிகால்களில் சாக்கடை நாற்றம் வந்தால் நீர் வறண்டுவிட்டது என்று பொருள். ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினால் அடைபட்டுவிடும்.

இனி, யார் யாரைக் கவனிப்பது என்ற கேள்வி. முதல் முறை உம்மாவுக்கு நோயைக் கொண்டுபோனது பெரும்பாலும் படுக்கையறையில் கிடந்த மகன் அல்ல, நல்லபடியாக நடமாடிய மருமகள்தான் என்று நாங்கள் நினைக்கிறோம். அவர்மீது குறை சொல்ல ஏதுமில்லை. ஃப்ளூவில் காய்ச்சல் தெரிவதற்கு ஏறத்தாழ ஒரு நாள் முன்பே, கோவிடில் ஓரிரு நாள் முன்பே அடுத்தவருக்குப் பரவத் தொடங்கிவிடும். நோயாளியோடு ஒரே அறையில் படுத்த மனைவி, தனக்கு ஒன்றுமில்லை என்று நினைக்கும் நாளிலேயே பரப்பிக்கொண்டிருக்கலாம். அதனால் இரண்டாம் முறை வேலையைப் பிரித்தார்கள். மகனுக்கு மருமகள், உம்மாவுக்குப் பேத்தி. மருமகள் மாமியின் பக்கம் போகவே இல்லை, சமையலறையில் பாய் போட்டுப் படுத்தார். அவரும் வீட்டுக்குள் முழு நேரமும் முகக்கவசத்தோடு இருந்தார். செவ்வாய்க்கிழமை இரவு எல்லோரும் வாப்பாவோடு ஒரே சஹனில் சாப்பிட்டவர்கள் என்பதால், பேத்தியும் உம்மாவை நெருங்கும்போது கவசம் போட்டுக்கொண்டாள்.

வியாழன் மாலை மருமகளுக்குக் காய்ச்சல் கண்டது. அவரும் படுக்கையறைக்கே போய்விட்டார். ஒரே நோய் கண்ட இருவர் ஓர் அறையில் இருப்பதில் தடை இல்லை. அன்று முதல் பையன் தட்டைக் கதவருகே ஸ்டூலில் வைத்துக் கதவைத் தட்டிவிட்டு விலகிப் போனான். அவன் போனபின் கதவைத் திறந்து எடுத்துக்கொண்டார்கள்.

சாப்பாட்டு நேரத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். நாளெல்லாம் கவசம் போட்டுவிட்டு, மூன்று வேளையும் அதைக் கழற்றி முழங்கால் தொட ஒன்றாக அமர்ந்தால் போட்டதன் பலன் அங்கேயே போய்விடும். அந்த ஐந்து நாளும் சஹனை எடுத்து வைத்துவிட்டு, ஆளுக்கொரு தட்டில், உம்மா பால்கனிப் பக்கமும் பிள்ளைகள் வேறு வேளையிலும் சாப்பிட்டார்கள். உம்மாவுக்குத்தான் இது வருத்தம். "தனியா என்னடி சோறு எறங்கும்" என்று பேத்தியிடம் சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

முகக்கவசம் வாங்கும்போது நம் வீடுகளுக்கென்றே சில செய்திகள் உண்டு. அறைக்குள் போகிறவருக்கு என்-95 தேவை. அது வடிகட்டுவதே முகத்தோடு ஒட்டி இருந்தால்தான். தாடி வைத்தவர்களுக்கு முடியின் ஊடாகக் காற்று புகுந்துவிடும், ஆகவே இயன்றவரை தாடியில்லாதவர் நோயாளியைக் கவனிப்பது நல்லது. பெண்கள் கவசத்தின் பட்டையைத் தலைத்துணிக்கு உள்ளே போட வேண்டும், துணிக்கு மேல் போட்டால் நழுவும். காதில் மாட்டுவதைவிடத் தலைக்குப் பின்னால் போகும் இரண்டு பட்டை உள்ளது நன்றாகப் பொருந்தும். நிகாபின் துணி கவசத்துக்கு ஈடாகாது, கவசத்தை உள்ளே போட்டு மேலே நிகாபை அணியலாம். வால்வு வைத்ததை நோயாளி அணியக் கூடாது, ஏனெனில் அவர் விடும் மூச்சு வடிகட்டப்படாமல் அந்த வால்வு வழியே வெளியேறிவிடும். போட்டபின் கம்பியை மூக்கில் அழுத்தி, ஓரங்களைச் சுற்றிக் கையைக் குவித்து ஊதிப் பாருங்கள். கண்ணாடி பனித்தால், கண்ணோரம் காற்றுப் பட்டால் அது பொருந்தவில்லை. கழற்றுவதை அறைக்கு வெளியே, கதவைச் சாத்தியபின் செய்யுங்கள். நனையாமல், கிழியாமல், பட்டை தளராமல் இருந்தால் காகித உறையில் போட்டு மறுபடி பயன்படுத்தலாம். நான்கைந்து கவசங்களை நாள் மாற்றி மாற்றிப் போட்டால் ஒரு வீட்டுக்கு இந்த நோய்க்காலம் முழுதும் போதும். துவைக்கக் கூடாது.

எத்தனை நாள் என்று கேட்பவர்களுக்கு: ஃப்ளூவில் முதல் மூன்று நான்கு நாட்களே அதிகம் பரவும், ஐந்து முதல் ஏழு நாள் வரை கவனம் வேண்டும். கோவிடுக்கு இந்திய அரசு 2022 ஜனவரியில் சொன்ன கணக்கு, பரிசோதனையில் உறுதியான நாளிலிருந்து குறைந்தது ஏழு நாள், அதிலும் கடைசி மூன்று நாள் தொடர்ந்து காய்ச்சல் இல்லாதிருக்க வேண்டும். பாராசிட்டமால் போட்டுக் காய்ச்சல் அடங்கிய நாளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். முதல் நாள் கோவிட் பரிசோதனையில் இல்லை என்று வருவதையும் முடிவாகக் கொள்ளாமல், அறிகுறி தொடர்ந்தால் ஓரிரு நாள் கழித்து மறுபடி பாருங்கள். ஜும்ஆ போய்விடுகிறதே என்ற வருத்தத்தில் முகக்கவசத்தோடு பள்ளிக்கு வந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நோயாளிக்கு அந்தக் கடமையில் சலுகை உண்டு, வீட்டில் லுஹர் தொழுதுகொள்ளலாம். நோய் விசாரிக்க வருகிறவர்களும் இந்த நாட்களில் தொலைபேசியில் விசாரித்து, பழத்தை வாசலில் வைத்துவிட்டுப் போனால் துஆவுக்குக் குறைவு வராது.

உம்மாவைப் பேத்தி காலையும் மாலையும் பார்த்துக் குறித்து வைத்தாள். வயதானவர்களுக்குக் காய்ச்சல் கொதிக்காமலேயே நோய் முற்றலாம். திடீரென்று சோர்ந்து கிடப்பது, சாப்பாட்டைத் தள்ளுவது, பேச்சில் தடுமாற்றம், காரணமில்லாமல் கீழே விழுவது, இவைதான் முதல் அடையாளமாக இருக்கும். சர்க்கரையும் ஏறும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில், நகப்பூச்சும் மருதாணியும் இல்லாத விரலில், உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஓய்ந்தபின் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்குள் மூன்று முறை பார்த்தும் 93 அல்லது அதற்குக் கீழே இருந்தால், அல்லது நிமிடத்துக்கு 24க்கு மேல் மூச்சு வாங்கினால், காத்திராமல் 108ஐ அழையுங்கள். மகனுக்கு ஃப்ளூ என்று தெரிந்த அன்றே உம்மாவின் மருத்துவரிடமும் சொல்லிவைத்தார்கள். ஃப்ளூவுக்கான ஒசெல்டமிவிர் மாத்திரை, அறிகுறி தொடங்கி இரண்டு நாளுக்குள் ஆரம்பித்தால்தான் நன்றாகப் பலன் தரும். அதை வயதானவருக்குக் கொடுப்பதா என்பதை மருத்துவர் முடிவு செய்ய அவகாசம் வேண்டும். மருந்துக் கடையில் தாங்களே கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக் இந்த வைரஸ்களை ஒன்றும் செய்யாது.

உம்மாவுக்கு இந்த முறை வரவில்லை. ஃபேனால் வரவில்லையா, வேலையைப் பிரித்ததால் வரவில்லையா, அல்லாஹ்வின் அருளால் தானே தப்பியதா என்று ஒரு வீட்டை வைத்து நாங்கள் அறுதியிட்டுச் சொல்ல மாட்டோம். முன்கூட்டியே ஃப்ளூ தடுப்பூசியும் போட்டிருந்தார், அதையும் சொல்ல வேண்டும். மருமகளுக்குக் காய்ச்சல் விட்டு இரண்டு நாள் ஆனபின் படுக்கை விரிப்புகளைச் சாதாரண சோப்புத் தூளில் துவைத்து வெயிலில் போட்டார்கள். டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தார்கள். சஹனைப் பரணிலிருந்து இறக்கியவர் உம்மாதானாம்.

நமது அலுவலகத்தில் ஆக்சிமீட்டர்களும் இரண்டு டேபிள் ஃபேன்களும் இரவலுக்கு இருக்கின்றன. லுஹருக்கும் அஸருக்கும் இடையே வந்து பெற்றுக்கொள்ளலாம். முன்பு வாங்கிச் சென்றவர்கள், ஆக்சிமீட்டரின் உட்புறத்தை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, பேட்டரியைக் கழற்றித் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.